மார்க் ரெண்டு, அளந்தது ஒண்ணு: ஒன்பது கட்டத்துல எங்க தப்பு?

கேள்வி: "திருப்பூர்ல பனியன் கம்பெனிங்க. தையல் பிரிவுல 12 லைன் சூப்பர்வைசருங்க. அடுத்த ஃப்ளோர் இன்சார்ஜ் யாருன்னு பார்க்க ஒன்பது கட்டம் போட்டோம். 10 பேரு மூலைக்கு மூலை ஒரே கோட்டுல வந்து நிக்கறாங்க. இதை நம்பலாமுங்களா?"

நம்பாதீங்க. அந்தக் கோடே காட்டிக் குடுக்குது பாருங்க. ரெண்டு பக்கமும் 1ல இருந்து 3 வரைக்கும் மார்க். கீழே படுக்கைவாக்குல போடறது இது வரைக்கும் செஞ்ச வேலைக்கு மார்க். நெட்டுவாக்குல போடறது, இதை விடப் பெரிய பொறுப்பைக் குடுத்தா தாங்குவாரான்னு. ரெண்டும் தனித்தனி விஷயம்ங்கறதால ஆளுங்க கொஞ்சம் சிதறித்தான் விழணும். எல்லாரும் கோட்டு மேலயே நின்னா, வேலைக்குப் போட்ட மார்க்கையே மறுபடியும் மேலயும் போட்டிருக்கீங்கன்னு அர்த்தம்.

இந்தக் கட்டம் முதல்ல ஆளுங்களுக்காக வந்ததே இல்லீங்க. 1970கள்ல ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியோட பல தொழில்கள்ல எதுல பணம் போடலாம்னு பார்க்க மெக்கின்ஸிங்கற ஆலோசனைக் கம்பெனிக்காரங்க போட்டுக் குடுத்தது. ஒரு பக்கம் அந்தத் தொழிலோட சந்தை எப்படி, இன்னொரு பக்கம் அதுல நம்ம கம்பெனி எவ்வளவு பலமா நிக்குது. ரெண்டுக்கும் ஆதாரம் வேற வேற எடத்துல இருந்து வரும். ஆளுங்களுக்குப் போடறப்பத்தான் ரெண்டையும் ஒரே புரொடக்‌ஷன் ஷீட்டுல இருந்து எடுத்துடறோம்.

நான் கூட இருந்து பார்த்த ஒண்ணைச் சொல்றேன். ஒரு சூப்பர்வைசர், 12 மாசத்துல 11 மாசம் டார்கெட் எடுத்தவரு. செக்கிங்ல திரும்பி வர்ற பீஸும் ரொம்பக் கம்மி. வேலைக்கு 3, அதுல பேச்சே இல்லை. மேலயும் 3 போட்டிருந்தாங்க. நான் மூணே மூணு கேள்விதான் கேட்டேன். புது ஸ்டைல் இறங்கற அன்னைக்கு என்ன பண்ணுவாரு? இன்சார்ஜைக் கூப்பிடுவாருங்க. அவரு லீவு போட்டா லைன் என்ன ஆகும்? மத்தியானத்துக்குள்ள பண்டல் தேங்கிடும், கீழ யாரையும் பழக்கி வெக்கலை. இன்சார்ஜ் ஆகறதுக்கு அவருக்கு விருப்பமா? அதை யாருமே கேட்டதில்லை. கூப்பிட்டுக் கேட்டா, "எனக்கு ஒரு லைன் போதுமுங்க, ராத்திரி ஷிப்மென்ட் டென்ஷன் வேண்டாமுங்க"ன்னுட்டாரு. மேல 1.

அதே ஃப்ளோர்ல ஒரு அம்மிணி. டார்கெட்ல எம்பது சதவீதம்தான் எடுத்துட்டு இருந்தாங்க. வேலைக்கு 1 போட்டுக் கீழ் மூலையில தள்ளியிருந்தாங்க. ஆனா புதுசா வர்ற டெய்லருங்களை எல்லாம் அவங்க லைன்லதான் போடுவாங்களாம். அதைக் கணக்குல எடுத்தா வேலைக்கு 2 ஞாயமுங்க. காலர் வெச்ச புது ஸ்டைல் வந்தப்போ, மெக்கானிக்கைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு மெஷின் வரிசையை அவங்களே மாத்திப் போட்டிருக்காங்க. அவங்ககிட்ட டெய்லருக்கு உதவியா கைமடிக்கு இருந்த ரெண்டு பொண்ணுங்க இன்னைக்கு ஓவர்லாக் மெஷின் ஓட்டறாங்க. பக்கத்து லைன் சூப்பர்வைசரே அவங்ககிட்டப் பழகினவருதான். பெரிய பொறுப்பு வேணுமான்னு கேட்டதுக்கு, குடுங்கன்னு சொன்னாங்க. மேல 3. தராதரம் தெரியாம ஒரு நல்ல ஆளை ஓரங்கட்டப் பார்த்தோம்னு எனக்கு மனசு சங்கடமாப் போச்சுங்க.

அதுக்காக உடனே இன்சார்ஜ் ஆக்கலை. ஒரு சீசனுக்கு ரெண்டு லைனையும் ஒரு சின்ன ஆர்டரையும், கட்டிங்ல வாங்கறதுல இருந்து பேக்கிங் வரைக்கும், அவங்க பொறுப்புல விட்டோம். மேல போட்ட 3ங்கறது ஒரு கணிப்புதானுங்க. அதைச் சோதிச்சுப் பார்க்க ஒரு வேலையைக் குடுக்கணும். அந்த 11 மாச ஆளுக்குச் சம்பளத்தைக் கூட்டி, கஷ்டமான ஸ்டைலை எல்லாம் அவரு லைனுக்கே குடுத்தோம். அதுக்கு முந்தி நான் இருந்த ஒரு கம்பெனில அந்த மாதிரி ஆளைப் புடிச்சு இன்சார்ஜ் ஆக்கி, எட்டு மாசத்துல அவரு வேலையை விட்டே நின்னுட்டாரு. நல்ல சூப்பர்வைசரும் போச்சு, இன்சார்ஜும் இல்லை.

நீங்க மறுபடி போடறப்போ, வேலைக்கு ஒரு நாள், பொறுப்புக்கு இன்னொரு நாள்னு வெச்சுக்கோங்க. ரெண்டாவது நாள் புரொடக்‌ஷன் ஷீட் டேபிள் மேல இருக்கவே கூடாது. இன்சார்ஜ் ஒருத்தரே மார்க் போடாம, செக்கிங், கட்டிங் ஆளுங்களையும் உக்கார வைங்க. 3ன்னு சொல்றவரு நடந்த சம்பவம் ரெண்டு சொல்லணும். "நல்ல பையனுங்க, நம்ம ஊரு"ங்கறது சம்பவம் இல்லை. ஆதாரம் கிடைக்காத ஆளை நடுக் கட்டத்துல போட்டு ஒப்பேத்தாதீங்க, வெளியவே வைங்க. அவருக்கு ஒரு புது ஸ்டைலைக் குடுத்து, என்ன பண்றாருன்னு பார்த்துட்டு அப்புறம் உள்ள கொண்டு வாங்க.