பத்தி எழுதச் சொல்லிக்கொடுப்பது எப்படி: மூன்று பீரியட், ஒரு கருவாடு, ஒரு அழிக்கப்பட்ட போர்டு

[திரையில்: பாம்பன் கரை, மணலில் ஏற்றி வைத்த நாட்டுப்படகுகள். குரல் மட்டும்.]

"கருவாடு பற்றி ஒரு பத்தி எழுது" என்று ஏழாம் வகுப்பில் சொன்னால் என்ன வரும் தெரியுமா? பத்து வரி வரும், பத்தும் பத்து திசையில் போகும். கருவாடு சுவையாக இருக்கும், எங்கள் ஊரில் கடல் இருக்கிறது, மாமா படகு வைத்திருக்கிறார், கருவாட்டுக் குழம்பு எனக்குப் பிடிக்கும். ஒவ்வொரு வரியும் சரிதான், பிழைகூட அதிகம் இல்லை, ஆனால் பத்தி இல்லை. "ஒரு பத்தியில் ஒரு கருத்து இருக்க வேண்டும்" என்று இலக்கணம் மாதிரி சொல்லிவிட்டால் தலையை ஆட்டிவிட்டு மறுபடி அதையேதான் எழுதுவார்கள். நானும் பல வருஷம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இந்த வீடியோவில் நான் காட்டப்போவது மூன்று பீரியடுக்கான பாடத்திட்டம். முதலில் ஒரு மாதிரிப் பத்தியைப் பிரித்துப் பார்ப்பது, அப்புறம் வகுப்பே சேர்ந்து ஒரு பத்தி எழுதுவது, கடைசியில் தனியாக எழுதுவது. இது என் கண்டுபிடிப்பு இல்லை. 1980களில் ஆஸ்திரேலியாவில் சிட்னியில் மொழியியலாளர்களும் ஆசிரியர்களும் சேர்ந்து உருவாக்கிய முறை இது, ஜிம் மார்ட்டின், ஜோன் ராத்தரி ஆகியோரின் பெயர்கள் இதோடு சேர்த்துச் சொல்லப்படும். நான் செய்தது அதை எங்கள் கரைக்குக் கொண்டுவந்தது மட்டும்தான்.

[திரையில்: மாதிரிப் பத்தி, ஐந்து வாக்கியங்கள்]

முதல் பீரியட். மாதிரிப் பத்தியை நீங்களே எழுதுங்கள், பாடப்புத்தகத்தில் இருந்து எடுக்காதீர்கள். புத்தகப் பத்திகள் பெரும்பாலும் ஒரே நேரத்தில் நாலு வேலை பார்க்கும், பிரித்துக் காட்ட வராது. என்னுடையது இது:

"பாம்பன் மீனவர்கள் ஒரே கடலை நம்பி இருப்பதில்லை, காற்று மாறினால் கடலையும் மாற்றிக்கொள்கிறார்கள். ஊருக்குத் தெற்கே மன்னார் வளைகுடாவும் வடக்கே பாக் விரிகுடாவும் இருப்பதால் இது முடிகிறது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் தென்கடல் கொந்தளிக்கும், வடகடலில் அலை குறைவாக இருக்கும். வடகிழக்குப் பருவக்காற்று தொடங்கியதும் இது தலைகீழாகிவிடும். அதனால்தான் ஒரே படகைச் சில மாதம் வடகரையிலும் சில மாதம் தென்கரையிலும் பார்க்கிறோம்."

இதைப் போர்டில் எழுதி விளக்கம் சொல்லவே கூடாது. ஐந்து வாக்கியங்களையும் தனித்தனிப் பட்டைகளாக வெட்டி, கலைத்து, நான்கு பேருக்கு ஒரு செட் என்று கொடுத்துவிடுங்கள். கூடவே ஆறாவதாக ஒரு பட்டை: "பாம்பனின் பழைய ரயில் பாலம் 1914-இல் திறக்கப்பட்டது."

வகுப்பு சூடு பிடிப்பது இந்த ஆறாவது பட்டையில்தான். அந்த வரி உண்மை, பாம்பனைப் பற்றியது, ஊரே பெருமைப்படும் விஷயம். அதனால் தூக்கி வெளியே வைக்க ஒருத்தருக்கும் மனசு வராது. ஒரு குழு அதை முதல் வரியாக வைத்தது, இன்னொரு குழு கடைசியில். "உண்மைதானே டீச்சர், ஏன் எடுக்கணும்?" என்று கேட்டார்கள். நான் பதில் சொல்லவில்லை, மீதி ஐந்து வரியையும் சத்தமாக வாசிக்கச் சொன்னேன், பிறகு ஆறையும். ஒரு பையன்தான் சொன்னான்: "காத்த பத்திப் பேசிட்டு இருக்கோம், நடுவுல ரயில் வருது." போதும், அதற்கு மேல் நான் சொல்ல ஒன்றும் இல்லை.

பட்டைகளை வரிசையாக ஒட்டிய பிறகு ஒவ்வொரு வரிக்கும் ஒரே கேள்வி. இந்த வரி என்ன சொல்கிறது என்று கேட்காதீர்கள், என்ன வேலை செய்கிறது என்று கேளுங்கள். முதல் வரி ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டு நிற்கிறது, நமக்கு "அது எப்படி?" என்று கேட்கத் தோன்றுகிறது. இரண்டாவது அதற்குக் காரணம் தருகிறது. மூன்றும் நான்கும் ஜோடியாக வந்து அந்தக் காரணத்தை விரித்துக் காட்டுகின்றன. கடைசி வரி நாம் கண்ணால் பார்ப்பதோடு கொண்டுபோய் முடிச்சுப் போடுகிறது. முதல் வரிக்கு மைய வாக்கியம் என்று பெயர் வைத்தால் போதும், மற்றவற்றுக்குப் பெயர் வேண்டாம், பெயர் கொடுத்தால் அதை மனப்பாடம் செய்யப் போய்விடுவார்கள்.

[திரையில்: கரும்பலகை, கையில் சாக்பீஸ்]

இரண்டாவது பீரியட்தான் மொத்தத்திலும் கஷ்டமானது, நிறைய பேர் தவிர்த்துவிடுவதும் இதைத்தான். மாதிரியைக் காட்டிவிட்டு நேராக "இப்ப நீ எழுது" என்று தாவிவிடுகிறோம். சேர்ந்து எழுதுவது என்றால் சாக்பீஸ் என் கையில், வாக்கியம் அவர்கள் வாயில். நான் சொல்லி அவர்கள் எழுதிக்கொண்டால் அது டிக்டேஷன்.

தலைப்பு கருவாடு. முதல் வரி என்ன என்று கேட்டேன். முன் பெஞ்சில் இருந்து உடனே வந்தது: "மீனுக்கு உப்பு போட்டு காய வச்சா கருவாடு." எழுதினேன், ஆனால் எழுத்துத் தமிழில் எப்படி வரும் என்று அவர்களையே கேட்டு, "எல்லா மீனையும் உப்பு சேர்த்துக் காயவைத்தே கருவாடு செய்கிறார்கள்" என்று. இந்த இடத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். நம் பிள்ளைகளுக்குப் பேச்சில் எல்லாம் தெரியும், பேனாவை எடுத்தால் அந்தத் தெரிந்தது வருவதில்லை, ஏனென்றால் எழுதுகிற தமிழ் வேறாக இருக்கிறது. பேச்சு வரி எழுத்து வரியாக மாறுவதைக் கண்ணெதிரே, ஒவ்வொரு சொல்லாக, முப்பது தடவை பார்க்க அவர்களுக்குக் கிடைக்கும் ஒரே இடம் இந்தப் போர்டுதான்.

சரி, வரியை எழுதி முடிக்கவில்லை, பின் பெஞ்சில் இருந்து ஒரு குரல். மீனவர் குடும்பத்துப் பையன், வகுப்பில் வாயே திறக்காதவன். "நெத்திலிக்கு உப்பு போட மாட்டாங்க டீச்சர், எங்க அப்பத்தா சும்மாவே மணல்ல போடும்."

இப்போது என்ன செய்வது? "அதுவும் உண்டுப்பா" என்று சொல்லி நகர்ந்துவிடலாம். நகராதீர்கள். இரண்டு வரியும் ஒரே பத்தியில் இருக்க முடியுமா என்று வகுப்பைக் கேட்டேன். முடியாது, ஒன்று மற்றதைப் பொய்யாக்குகிறது. அப்படியானால் நெத்திலியை விடுவதா, முதல் வரியை மாற்றுவதா? ஐந்து நிமிஷம் சந்தைக்கடை. கடைசியில் முதல் வரியை அழித்தேன். புதிது இப்படி வந்தது: "மீனின் அளவைப் பொறுத்துக் கருவாடு போடும் முறை மாறும்."

அழித்து எழுதுவதை அவர்கள் பார்க்க வேண்டும். மைய வாக்கியம் என்பது முதலில் எழுதிவிட்டுக் கட்டுப்பட வேண்டிய சத்தியம் இல்லை, கீழே வரும் விவரத்துக்கு ஏற்ப மாற்ற வேண்டிய வரி என்பது வாயால் சொன்னால் ஏறாது.

அதற்குப் பிறகு ஒரே கேள்வியை வைத்துக்கொண்டு ஓட்டினேன்: "இந்த வரியைப் படிப்பவர் அடுத்து என்ன கேட்பார்?" எப்படி மாறும் என்று கேட்பார். அப்படியே வந்தது:

"மீனின் அளவைப் பொறுத்துக் கருவாடு போடும் முறை மாறும். நெத்திலி போன்ற சிறு மீன்களின் உடல் மெல்லியது என்பதால் உப்பில்லாமலே வெயிலில் சீக்கிரம் காய்ந்துவிடும். சீலா போன்ற பெரிய மீன்களை அப்படியே போட்டால் தோல் காய்ந்தாலும் உள்ளே ஈரம் நின்று அழுகிவிடும். அதனால் அவற்றைக் கீறி, குடலை எடுத்து, உப்பில் ஊறவைக்கிறார்கள். உப்பு சதைக்குள் இருக்கும் நீரை வெளியே இழுத்த பிறகே மீன் வெயிலுக்கு வருகிறது."

கடைசி வரியில் "தண்ணிய இழுத்துரும்" என்று வந்ததை "நீரை வெளியே இழுத்த பிறகே" என்று மாற்றியதும் அவர்கள்தான், நான் "எதை, எங்கே இருந்து?" என்று மட்டும் கேட்டேன்.

இதில் கெட்டுப்போகும் இடம் ஒன்று உண்டு. நன்றாகப் பேசும் மூன்று பேரே எல்லா வரியையும் சொல்லிவிடுவார்கள், போர்டு அழகாக நிரம்பும், நமக்கும் வகுப்பு ஜோராக நடந்த மாதிரி இருக்கும். கண்டுபிடிப்பது சுலபம்: யாராவது ஒரு பின் பெஞ்சைக் கூப்பிட்டு, "மூணாவது வரி ஏன் அங்க இருக்கு?" என்று கேளுங்கள். முழித்தால் வகுப்பு நடக்கவில்லை என்று அர்த்தம். நான் இப்போது வரிக்கு வரி இரண்டு நிமிஷம் பக்கத்தில் இருப்பவரோடு பேசவிட்டு, அப்புறம் கை தூக்காதவர்களிடம்தான் கேட்கிறேன்.

[திரையில்: போர்டை அழிக்கும் கை]

மூன்றாவது பீரியடுக்கு முன்னால் போர்டை அழித்துவிடுங்கள். கருவாட்டுப் பத்தி அங்கேயே இருந்தால் கருவாடு என்ற இடத்தில் கருப்பட்டி என்று போட்டு நோட்டை நீட்டுவார்கள். ஒரு முறை எனக்கு அப்படி இருபத்திரண்டு கருப்பட்டி வந்தது, அதில் ஒன்றில் பதநீரைக் கீறிக் குடலை எடுத்திருந்தார்கள். தலைப்பு வேறாக இருக்கட்டும், ஆனால் வகை அதுவேதான்: ஏன், எப்படி என்று விளக்கும் பத்தி. கதைக்கு இந்தச் சட்டம் பொருந்தாது, செய்தித்தாளில்கூட எல்லாப் பத்தியும் மைய வாக்கியத்தில் தொடங்குவதில்லை. அதையும் பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் பாட்டியின் கதையைக்கூட மைய வாக்கியத்தோடு தொடங்குவார்கள்.

ஒரு மாணவியின் முதல் வரைவைப் பார்ப்போம். அம்மா கடல்பாசி எடுக்கப் போகிறவர்.

"எங்கள் அம்மா பாசி எடுக்கப் போவார். காலையில் படகில் போவார்கள். விரலில் துணி சுற்றுவார். கண்ணாடி போடுவார். அம்மாவுக்கு நன்றாக நீந்தத் தெரியும். பாசியைக் காயவைத்து விற்பார்கள்."

சிவப்பு மையை எடுக்க வேண்டாம். முதல் வரியைக் கையால் மறைத்து, மீதியைப் பக்கத்துத் தோழியிடம் படிக்கக் கொடுத்து, மறைந்திருக்கும் வரி என்ன என்று ஊகிக்கச் சொன்னேன். தோழி சொன்னாள்: "அம்மா காலைல இருந்து என்ன செய்வாங்கன்னு." இவள் முகம் சுருங்கிவிட்டது. "அது இல்ல டீச்சர், சும்மா போயி எடுத்துர முடியாது, கை கிழிஞ்சிரும், அதத்தான் எழுதுனேன்." எழுதவில்லை, மனசில் வைத்திருந்தாள். "இப்ப சொன்னியே, அதையே முதல் வரியா வைம்மா" என்றேன். பத்து நிமிஷத்தில் வந்தது:

"முன்னேற்பாடு இல்லாமல் பாசி எடுக்கப் போக முடியாது. பாசி பாறையோடு ஒட்டி வளர்வதால் பறிக்கும்போது பாறை விரலைக் கிழித்துவிடும். அதனால் அம்மா ஒவ்வொரு விரலிலும் துணி சுற்றிக்கொள்வார். தண்ணீருக்குள் பாறை தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதற்காகக் கண்ணாடியும் போட்டுக்கொள்வார்."

படகும் விற்பனையும் தானாகவே போய்விட்டன, நான் எதையும் அடிக்கவில்லை. எழுத்துப்பிழை இரண்டு இருந்தது, அதை அப்புறம் பார்த்துக்கொண்டோம். இந்த நிலைக்கு வராத ஆறு பேர் இருந்தார்கள். அவர்களை ஜன்னல் ஓரம் கூட்டி உட்காரவைத்து, இரண்டாவது பீரியடையே சின்னதாக ஒரு தாளில் மறுபடி நடத்தினேன்.

நோட்டை வாங்கிக்கொண்டு போன பாசிக்காரம்மா மகள் திரும்பி வந்தாள். "எங்க அம்மா நல்லா நீந்துவாங்கன்னு எழுதியிருந்தேன்ல, அது எங்க டீச்சர் வரும்?"

இந்தப் பத்தியில் அதற்கு வேலை இருக்கிறதா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் நோட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் ஒரு வரி இடம் விட்டு, உள்ளே தள்ளி, புதிதாகத் தொடங்கினாள்.