தோல் பதனிடும் ஆலையும் ஏரிக்கரை ஆலையும்: எந்தக் கோட்பாடு பொருந்தும்?

கேள்வி: "ஐயா, கேடு நடந்துவிட்டால் 'மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும்', நடக்காவிட்டால் 'முன்னெச்சரிக்கை' என்று எழுதுகிறேன். வேலூர் வழக்கில் இரண்டும் வருகின்றனவே, எதை எழுதுவது?"

சுற்றுச்சூழல் சட்டத் தேர்வுக்குத் தயாராகும் ஒரு மாணவரின் இந்தக் கேள்வி இரண்டு நாட்களாக என் மனத்தை விட்டு அகலவில்லை. கேடு நேருமா என்பது உறுதியாகத் தெரியாதபோதும் அதை முன்கூட்டியே தடுக்க வேண்டும் என்பதே முன்னெச்சரிக்கைக் கோட்பாடு. நடந்ததா, நடக்கவில்லையா என்று பார்ப்பதோடு நின்றுவிடாதீர்கள். நீதிமன்றத்திடம் என்ன கேட்கப்படுகிறது, அதில் எது இன்னும் ஐயத்துக்குரியது என்று பாருங்கள்.

வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, தோல் ஆலைக் கழிவுகளால் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாழ்பட்டிருந்ததாக ஆய்வுகள் கூறின. அங்கே ஐயத்துக்கு இடமில்லை. ஆகவே பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடும், கெட்ட மண்ணையும் நீரையும் சீராக்கும் செலவும் ஆலைகளின் தலையில் விழுந்தன. அதே தீர்ப்பு, நீர்நிலைகளிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் மிகையாக மாசுபடுத்தும் புதிய தொழிற்சாலைகளைத் தடைசெய்த 1989-ஆம் ஆண்டு அரசாணையைக் கண்டிப்பாக நிறைவேற்றவும் சொன்னது. இனி வரவிருக்கும் ஆலைகளைப் பற்றிய அந்தப் பகுதி முன்னெச்சரிக்கையைச் சார்ந்தது. ஒரே வழக்கில் இரண்டு நிவாரணங்கள் என்பதால்தான் இரண்டு கோட்பாடுகளும் வந்தன.

இப்போது ஒரு வினாவை அமைத்துப் பார்ப்போம். குடிநீர் ஏரிக்கு அருகில் ஓர் எண்ணெய் ஆலை வரவிருக்கிறது. கழிவு ஏரியில் கலக்காது என்று ஒரு நிபுணரும், கலக்கும் என்று மற்றொருவரும் சொல்கிறார்கள். ஹைதராபாத்தின் ஹிமாயத் சாகர், உஸ்மான் சாகர் ஏரிகளைப் பற்றிய நாயுடு வழக்கை (1999) ஒட்டிய நிலை இது. தீங்கு நேரும் என்று மக்கள் மெய்ப்பிக்க வேண்டியதில்லை. தன் செயல் தீங்கற்றது என்று ஆலைதான் மெய்ப்பிக்க வேண்டும். விடையில் இந்த மெய்ப்பிக்கும் சுமையைக் குறிப்பிடாதவர், கோட்பாட்டின் பெயரைச் சரியாக எழுதினாலும் பாதி விடையைத்தான் எழுதியிருக்கிறார்.

அதே ஆலை ஐந்தாண்டுகள் ஓடியபின் கிணறுகள் கெட்டுவிட்டன, ஆனால் ஆலை எல்லாக் கவனமும் எடுத்திருந்தது என்று வினா தொடரலாம். 'கவனமாக இருந்தோம்' என்பது இங்கே தற்காப்பு ஆகாது. ரசாயன ஆலைகளின் கழிவால் கிணறுகள் கெட்ட, ராஜஸ்தானின் பிச்சிரி கிராம வழக்கு (1996) இதைத் தெளிவாகவே சொல்கிறது. பணம் கட்டிவிட்டால் தொடர்ந்து மாசுபடுத்தலாம் என்றும் பொருள் இல்லை. வேலூரில் சுத்திகரிப்பு வசதி செய்யாத ஆலைகளை மூடவும் ஆணையிடப்பட்டது.

நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: முன்னெச்சரிக்கை எங்கே பொருந்தாது? நர்மதை அணை வழக்கில் (2000) பெரும்பான்மைத் தீர்ப்பு, அணை மாசுபடுத்தும் தொழிற்சாலை அன்று, அதன் விளைவுகள் அறியப்பட்டவை என்று கூறி, மெய்ப்பிக்கும் சுமையை மாற்ற மறுத்தது; அத்தகைய இடத்துக்கு, வளர்ச்சியையும் சூழல் பாதுகாப்பையும் சமன்செய்யும் நீடித்த வளர்ச்சிக் கோட்பாடே உரியது என்றது. எனவே வினாவில் விளைவுகள் முன்பே தெரிந்தவை என்று சொல்லப்பட்டிருந்தால், முன்னெச்சரிக்கையை எழுதுமுன் இந்தத் தீர்ப்பைக் கணக்கில் கொள்ளுங்கள்.