கன்டெய்னரில் வந்த சரக்கின் உண்மையான அடக்க விலை

வணக்கம் நேயர்களே. இறக்குமதி செய்யும் சிறு வியாபாரிகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் தொழில். சென்னைத் துறைமுகம் வழியாகச் சரக்கு எடுக்கிறவர்கள் என்னிடம் அடிக்கடி சொல்வது இதுதான்: “வியாபாரம் நன்றாகத்தான் நடக்கிறது, ஆனால் கையில் பணம் நிற்கவில்லை.” பல நேரங்களில் அதற்கான காரணம் ஒரே இடத்தில்தான் இருக்கும். கப்பல் கூலி, சுங்க வரி, இன்ஷூரன்ஸ் ஆகியவற்றை எந்தப் பொருளின் தலையில் எவ்வளவு ஏற்றினோம் என்பதில்தான். இன்று அதைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

நான் அடிக்கடி பார்க்கும் ஒரு நிலைமையை எளிய எண்களில் சொல்கிறேன். கையில் பேனா இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். சீனாவிலிருந்து 20 அடி கன்டெய்னர் ஒன்று வருகிறது. உள்ளே இரண்டே பொருள்கள். ஒன்று, துளை போடும் பிட் அடங்கிய செட். 1,000 செட், ஒன்று 800 ரூபாய். மற்றது பிளாஸ்டிக் பெட்டி. 2,000 பெட்டி, ஒன்று 100 ரூபாய். ஆக பிட் 8 லட்சம், பெட்டி 2 லட்சம், மொத்தம் 10 லட்சம். கப்பல் கூலி 1 லட்சம். இங்கே துறைமுகக் கையாளுதல், கன்டெய்னர் கிடங்குச் செலவு, லாரி வாடகை எல்லாம் சேர்த்து 50,000. இன்ஷூரன்ஸ் 5,000.

எங்கள் ஊர் வியாபாரிகளில் பெரும்பாலானவர்கள் கப்பல் கூலியும் உள்ளூர்ச் செலவும் சேர்ந்த இந்த ஒன்றரை லட்சத்தைப் பொருளின் மதிப்பைப் பார்த்துப் பிரிக்கிறார்கள். பல கணக்கு மென்பொருள்களும் நாம் எதையும் மாற்றாவிட்டால் அப்படியே செய்கின்றன. மதிப்பில் 80 பங்கு பிட், 20 பங்கு பெட்டி. எனவே பிட்டுக்கு 1,20,000, பெட்டிக்கு 30,000.

இங்கேதான் தவறு. கப்பல்காரர் கன்டெய்னருக்குள் இருக்கும் பொருளின் விலையைக் கேட்டுக் கூலி வாங்கவில்லை. ஒரு கன்டெய்னருக்கு இவ்வளவு என்று வாங்கினார். அந்தக் கன்டெய்னரை நிரப்பியது எது? பிட் செட் 3 கன மீட்டர்தான். பெட்டி 22 கன மீட்டர். இடத்தைப் பிடித்தது பெட்டி. கூலியும் இடத்தைப் பார்த்துத்தான் போக வேண்டும். அப்படிப் பிரித்தால் பெட்டிக்கு 1,32,000, பிட்டுக்கு வெறும் 18,000.

இன்ஷூரன்ஸ் வேறு கதை. அதன் பிரீமியம் மதிப்பின் மேல்தான் கணக்கிடப்படுகிறது. அதை மதிப்பின்படியே பிரிக்கலாம்: பிட்டுக்கு 4,000, பெட்டிக்கு 1,000.

சுங்க வரியைப் பிரிக்கவே கூடாது. சுங்கத் துறையில் தாக்கல் செய்யும் இறக்குமதி ஆவணமான பில் ஆஃப் என்ட்ரியில் ஒவ்வொரு பொருளுக்கும் தனி வரி இருக்கிறது, அதை அப்படியே எடுத்தெழுதினால் போதும். நம் உதாரணத்தில் பிட்டுக்கு அடிப்படை வரி 10 சதவீதம், பெட்டிக்கு 15 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அந்த வரியின் மேல் இன்னொரு 10 சதவீதம் சமூக நலக் கூடுதல் வரி. சுங்க வரி பொருள் விலையோடு கப்பல் கூலியும் இன்ஷூரன்ஸும் சேர்ந்த தொகையின் மேல் விழுகிறது. இங்கே இறங்கிய பிறகு ஆகும் 50,000 அதில் சேராது. பில் ஆஃப் என்ட்ரியில் கப்பல் கூலி பொருள்களுக்குள் மதிப்பின்படியே பிரிக்கப்படும். அது வரி போடுவதற்கான கணக்கு, அவ்வளவுதான். நம் அடக்க விலைக் கணக்கும் அதே போல் இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. நாம் உண்மையில் கட்டிய வரியை மட்டும் அங்கிருந்து எடுத்துக்கொள்கிறோம்: பிட்டுக்கு 97,240, பெட்டிக்கு 36,465.

இறக்குமதியின்போது சுங்க வரியோடு சேர்த்துக் கட்டும் ஐஜிஎஸ்டியை விட்டுவிட்டாரே என்று கேட்பீர்கள். வேண்டுமென்றேதான் விட்டேன். உள்ளீட்டு வரி வரவாகத் திரும்பக் கிடைக்கிற தொகை அடக்க விலையில் சேராது. அதைச் சரக்கின் மேல் ஏற்றினால், திரும்ப வரப்போகிற பணத்தையும் செலவாகக் காட்டி நாமே விலையை உயர்த்திக்கொள்கிறோம். ஆனால் சிறு வியாபாரிகளுக்கான எளிய ஜிஎஸ்டி முறையான காம்போசிஷனில் இருப்பவருக்கு அந்த வரவு கிடையாது, அவருக்கு அது முழுக்க அடக்க விலைதான். சமூக நலக் கூடுதல் வரி யாருக்குமே திரும்ப வராது.

சரி, இப்போது கூட்டிப் பார்ப்போம். எல்லாக் கூலியையும் மதிப்பின்படி பிரித்தவர் கணக்கில் பிட் செட் ஒன்று 1,021 ரூபாய், பெட்டி ஒன்று 134 ரூபாய். இடத்தின்படி பிரித்தால் பிட் செட் 919, பெட்டி 185. இரண்டிலும் மொத்தத் தொகை ஒன்றுதான், பைசா கூட மாறவில்லை. அதனால்தான் ஆண்டுக் கடைசியில் தணிக்கை செய்கிறவர் கண்ணில் கூட இது சட்டென்று படாது.

கடையில் என்ன நடக்கிறது? மதிப்பின்படி பிரித்தவர் பெட்டியை 160 ரூபாய்க்கு விற்கிறார். 26 ரூபாய் லாபம் என்று நினைத்து அடுத்த முறை இன்னும் அதிகமாக ஆர்டர் போடுகிறார். உண்மையில் ஒரு பெட்டிக்கு 25 ரூபாய் போகிறது. அதே வேளையில், பிட் செட்டை 1,000 ரூபாய்க்கு மொத்தமாகக் கேட்டு ஒருவர் வருகிறார். “கட்டாது, அடக்கமே 1,021” என்று திருப்பி அனுப்புகிறார். ஒரு செட்டுக்கு 81 ரூபாய் லாபம் வாசல் வரை வந்து போய்விட்டது. எடை குறைவான, இடத்தை அடைக்கும், மலிவான சரக்கு மட்டும் வேகமாக விற்று, கையில் பணம் நிற்கவில்லை என்றால் முதலில் இதைத்தான் சந்தேகப்படுங்கள்.

இடம்தான் எப்போதும் அளவுகோல் என்று சொல்ல வரவில்லை. டைல்ஸ், இரும்பு மாதிரியான சரக்கில் கன்டெய்னர் பாதி காலியாக இருக்கும்போதே எடை வரம்பு வந்துவிடும், அங்கே எடையின்படி பிரிப்பதுதான் நியாயம். பலருடைய சரக்கோடு சேர்த்துப் பங்குக் கன்டெய்னரில் வந்தால் கட்டணமே டன்னா, கன மீட்டரா, எது அதிகமோ அதன்படி போடுகிறார்கள். அந்தப் பில்லில் உள்ள அளவையே எடுத்துக்கொள்ளலாம். இதற்கெல்லாம் தேவையான அளவு பேக்கிங் லிஸ்டில் இருக்கிறது. அதைக் கிளியரிங் ஏஜென்டிடம் கொடுத்துவிட்டு மறந்துவிடாமல், ஒரு நகலைக் கணக்கு எழுதுகிறவரிடமும் கொடுங்கள்.

கன்டெய்னரை நேரத்துக்கு எடுக்காமல் கட்டிய தாமதக் கட்டணம் இந்தக் கூட்டலில் வரக் கூடாது. ஆவணத் தவறால் 40,000 ரூபாய் கட்ட நேர்ந்தால், அது அந்த மாதத்து நஷ்டம். அதைச் சரக்கின் மேல் ஏற்றினால் நம் தவறு கையிருப்பின் மதிப்பாக மாறி பேலன்ஸ் ஷீட்டில் உட்கார்ந்துவிடும்.

கடைசியாக ஒரு சிக்கல், தாமதமாக வரும் பில். அந்த 50,000 ரூபாய் உள்ளூர்ச் செலவின் பில் மூன்று வாரம் கழித்து வருகிறது. பெட்டிக்கு உரிய பங்கு 44,000, ஒன்றுக்கு 22 ரூபாய். அதற்குள் 1,200 பெட்டி விற்றுவிட்டது, 800தான் மிச்சம். மொத்தத்தையும் மிச்சத்தின் மேல் போட்டால் ஒன்றுக்கு 55 ரூபாய் ஏறும், அது பொய்க் கணக்கு. விற்றதற்கு 26,400 விற்பனை அடக்கத்துக்கும், மீதி 17,600 கையிருப்புக்கும் போக வேண்டும். இந்தச் சிக்கலே வராமல் இருக்க, சரக்கு கிடங்குக்குள் வரும் நாளிலேயே ஏஜென்டிடம் உத்தேசத் தொகை கேட்டு, “கொடுக்க வேண்டிய இறக்குமதிச் செலவு” என்று ஒரு தனிக் கணக்கில் வரவு வைத்து, சரக்கின் மேல் ஏற்றிவிடுங்கள். பில் வந்ததும் அந்தக் கணக்கிலேயே கழியுங்கள். எல்லாப் பில்லும் வந்த பிறகு அந்தக் கணக்கில் பாக்கி நின்றால், ஒரு செலவை இரண்டு முறை ஏற்றியிருக்கிறீர்கள், அல்லது உத்தேசம் தவறியிருக்கிறது, அல்லது வேறொரு கன்டெய்னரின் பில் இதில் விழுந்திருக்கிறது. எது என்று அந்த வாரத்திலேயே ஏஜென்டைக் கேட்டுவிடுங்கள். மூன்று மாதம் கழித்துக் கேட்டால் அவருக்கும் நினைவிருக்காது.

வணக்கம்.