பெயரை நீக்கினால் போதுமா?

நேயர்களுக்கு வணக்கம். கல்லூரி மாணவர்கள் இன்ஸ்டாகிராமில் நடத்தும் கன்ஃபெஷன் பக்கங்கள் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். மனதில் இருப்பதைப் பெயர் சொல்லாமல் கூகுள் ஃபார்மில் எழுதி அனுப்புவார்கள். எதைப் போடுவது, எதை விடுவது என்பது அட்மின் கையில். எங்கள் கல்லூரிப் பக்கத்துக்கு அந்த அட்மின் நான்தான்.

பெயர் இல்லாவிட்டால் போடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். ஓர் உதாரணம் சொல்கிறேன். ‘மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு, ஊதா ஸ்கூட்டியில் வரும் பெண்ணை இரண்டு வருடமாக விரும்புகிறேன். சொல்லத் தைரியம் இல்லை. போன வாரம் லேபில் அழுதாள், யாரோ ஏமாற்றிவிட்டானாம்.’ இதில் பெயர் இல்லை. ஆனால் அந்த வகுப்பில் இருக்கும் பெண்களே நான்கைந்து பேர்தான். போட்ட ஐந்தாவது நிமிடம் கமெண்டில் யாராவது அவளை டேக் செய்துவிடுவார்கள்.

இங்கே நான் பார்ப்பது, இது யாருடைய ரகசியம் என்பதைத்தான். விரும்புவது அவன் ரகசியம், சொல்லிக்கொள்ளட்டும். லேபில் அழுதது அவளுடையது. அதைச் சொல்ல அவனுக்கும் உரிமையில்லை, எனக்கும் இல்லை. ஆகவே துறை, ஆண்டு, ஸ்கூட்டி, லேப் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, ‘ஒருத்தியை இரண்டு வருடமாக விரும்புகிறேன், சொல்லத் தைரியம் இல்லை’ என்பதை மட்டும் போடுவேன். இப்படி வெட்டிய பிறகு எதுவும் மிஞ்சாத பதிவுகளை நிராகரித்துவிடுவேன்.

அனுப்பியவரையும் காப்பாற்ற வேண்டும். ஃபார்மில் மின்னஞ்சல் முகவரி சேகரிக்கும் வசதியை அணைத்துவைத்தால் மட்டும் போதாது. நேற்றிரவு ஹாஸ்டல் அறையில் நடந்ததை இன்று காலையே போட்டால், அங்கே இருந்த நாலு பேரில் எழுதியது யார் என்று உடனே தெரிந்துவிடும். அதனால் சில நாள் கிடப்பில் போட்டு, வந்த வரிசையை மாற்றித்தான் வெளியிடுகிறேன்.

மனதை மிகவும் உறுத்துவது, ஆசிரியர் தப்பாக நடந்துகொண்டார் என்று வரும் பதிவுகள். அவற்றைப் போடுவதில்லை. போட்டால், எழுதிய பெண் யார் என்று அந்த ஆசிரியரே கண்டுபிடித்துவிடலாம். அதற்காகப் பேசாமல் அழித்துவிடவும் முடியாது. பதில் அனுப்ப முகவரி கிடையாது என்பதால், பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்கும் கல்லூரியின் உள்ளகப் புகார்க் குழுவிடம், பொதுவாகச் சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் தரவேண்டும் என்பதையும், அங்கே யாரைப் பார்ப்பது என்பதையும் பக்கத்தின் முகப்பிலேயே நிரந்தரமாக வைத்திருக்கிறேன்.

அப்புறம், வாழப் பிடிக்கவில்லை என்று எழுதுகிறவர்கள். அவர்களையும் தேடிப்போக வழியில்லை. ஃபார்மை அனுப்பியதும் திரையில் வரும் நன்றிச் செய்தியை நாமே எழுதிக்கொள்ளலாம். நான் இப்படி மாற்றியிருக்கிறேன்: ‘இதை நாங்கள் உடனே படிக்கமாட்டோம். இப்போதே ஒருவரிடம் பேச வேண்டுமென்றால், அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416. இரவு பகல் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலும் பேசுவார்கள்.’