ஈ இறங்க முடியாத முதுகு

தலைப்பு: வரிக்குதிரைக்கு வரி எதற்கு? ஈயைத் தடுக்கவா, உடற்சூட்டைத் தணிக்கவா, சிங்கத்தைக் குழப்பவா?

நடுவர் அவர்களே, ஈயின் பக்கம் பேச வந்திருக்கிறேன்.

சிங்கத்தை முதலில் அனுப்பிவிடுகிறேன். கூட்டமாக ஓடும்போது வரிகள் கண்ணைக் கலைக்கும் என்றார் எதிரணித் தம்பி. கலைவது நம் கண். 2016இல் சிங்கத்தின் பார்வைத்திறனைக் கணக்கிட்டுப் பார்த்தார்கள். பகலில் 50 மீட்டர், அந்தியில் 30 மீட்டர் தாண்டினால் சிங்கத்துக்கு வரி பிரிந்தே தெரிவதில்லை. அதைவிடக் கிட்டே வந்த சிங்கத்துக்கு மூக்கும் காதும் இருக்கின்றன.

இப்போது ஈ. 2019இல் உயிரியல் ஆய்வாளர் டிம் காரோ குழுவினர் இங்கிலாந்தில் சாதாரணக் குதிரைகளுக்குக் கறுப்பு, வெள்ளை, வரி போட்ட துணிப் போர்வைகளை மாற்றி மாற்றிப் போர்த்தினார்கள். தலையை மட்டும் மூடவில்லை. அந்தத் தலைதான் சோதனையின் உயிர். வரிப்போர்வையில் குதிரை ஈக்கள் இறங்கியது மிகக் குறைவு. தலையிலோ எந்தப் போர்வை போட்டாலும் ஒரே அளவு. குதிரை அதுவே, வாசனையும் அதுவே. ஆக, ஈ வராமல் இல்லை, வந்தும் இறங்க முடியவில்லை.

ஏன்? அங்கேயே வைத்திருந்த வரிக்குதிரைகளைக் காணொளியில் பார்த்தால் புரியும். குதிரையைச் சுற்றுகிற அளவுக்கே வரிக்குதிரையையும் ஈ சுற்றுகிறது. இறங்கும் முன் வேகத்தைக் குறைக்க வேண்டுமல்லவா? குறைப்பதில்லை. உடம்பில் மோதித் தெறிக்கிறது, இல்லையேல் தாண்டிப் போய்விடுகிறது. குதிரையில் இறங்கியதில் கால்பங்குதான் வரிக்குதிரையில் இறங்கியது.

"அப்படியானால் இங்கிலாந்துக் குதிரைக்கு ஏன் வரி இல்லை?" என்று ஓர் அம்மையார் மடக்கினார். நல்ல கேள்வி. வரிக்குதிரையின் மயிர் மிகக் குட்டை, ஈயின் வாய் எளிதாகத் தோலை எட்டிவிடும். ஆப்பிரிக்க ஈக்கள் இரத்தத்தோடு கொடிய நோய்களையும் கொண்டு திரிகின்றன. அதனால்தான் வரியின் தேவை அங்கே அதிகம்.

சூட்டுக் கட்சிக்காரர் பாதி சரி. வெப்பமான இடங்களில் வரி அழுத்தமாக இருப்பதை 2015 ஆய்வு காட்டியது. வெயிலில் கறுப்பு வரி வெள்ளையைவிடச் சூடேறுவதும் உண்மை. அந்தச் சூட்டு வேறுபாட்டால் காற்று சுழன்று வியர்வையை உலர்த்தி உடலைக் குளிர்விக்கும் என்பது அவர் வாதம். ஆனால் 2018இல் நீர் நிரப்பிய பீப்பாய்களைத் தோலால் மூடி வெயிலில் வைத்தபோது, வரித்தோல் மூடிய பீப்பாயின் நீர் சாம்பல் நிறத் தோல் மூடியதைவிடக் குளிரவில்லை. "பீப்பாய்க்கு வியர்க்காதே!" என்பார். ஒப்புக்கொள்கிறேன், அந்த ஓட்டை இருக்கிறது. வியர்க்கும் விலங்கின் உள்வெப்பத்தை வரி குறைத்ததாக அவர் அளந்து காட்டட்டும்.

எங்கள் பக்கமும் ஓர் ஓட்டை உண்டு, நானே சொல்லிவிடுகிறேன். 2020இல் கட்டம் போட்ட போர்வையும் ஈயைத் தடுத்தது. நீண்ட வரி நகரும் திசையைத் தவறாகக் காட்டித்தான் ஈயின் கண்ணை ஏமாற்றுகிறது என்ற விளக்கம் அதோடு ஆட்டம் கண்டது. கிட்டே வந்த ஈயின் கண்ணில் எது தவறுகிறது என்பதில் எங்கள் அணிக்குள்ளேயே இன்னும் சண்டைதான்.