குவைத்ல இருந்துகிட்டே என்பிஎஸ் சேர்றதும், அதை முடங்காம பாத்துக்கிறதும்

கேள்வி: "அண்ணே, நான் குவைத்ல எலக்ட்ரீஷியனா இருக்கேன், வயசு 34. இங்க இருந்துகிட்டே நம்ம நாட்டு என்பிஎஸ் பென்ஷன் திட்டத்துல சேர முடியுமா? ரெண்டு மூணு வருஷம் ஊருக்கு வரலன்னா கணக்கு க்ளோஸ் ஆயிடுமா?"

சேரலாம் தம்பி, தாராளமா சேரலாம். அதுக்குன்னு ஊருக்கு வரணும்னு அவசியமே இல்ல. ரிசர்வ் பேங்க் 2015 அக்டோபர்லயே தெளிவா சொல்லிட்டாங்க, வெளிநாட்டுல இருக்கிற இந்தியர் என்பிஎஸ்ல பணம் போடலாம், பணம் வெளிநாட்டுல இருந்து பேங்க் வழியா வரணும், இல்லன்னா என்ஆர்இ, என்ஆர்ஓன்னு வெளிநாட்டுல இருக்கிறவங்களுக்குன்னு இருக்கிற உங்க பேங்க் கணக்குல இருந்து போகணும்னு. 18 வயசு முடிஞ்சிருந்தா சேரலாம், உங்களுக்கு 34ங்கிறதால வயசு ஒரு பிரச்சனையே இல்ல. ஆனா டியர் ஒன்னுன்னு சொல்ற பென்ஷன் கணக்கு மட்டும்தான் உங்களுக்கு, டியர் டூன்னு நெனச்சப்ப எடுத்துக்கிற கணக்கு ஒன்னு இருக்கு, அது என்ஆர்ஐக்கு கிடையாது.

சேர்ற வேலைய மொதல்ல சொல்லிடுறேன். இ-என்பிஎஸ் சைட்ல ரிஜிஸ்ட்ரேஷனுக்குள்ள போனா நீங்க யாருன்னு கேக்கும், அங்க என்ஆர்ஐன்னு தேர்ந்தெடுங்க. அவசரத்துல சாதாரண இந்தியன் சிட்டிசன்னு போட்டுட்டு போறவங்கதான் நெறைய பேரு, பின்னாடி மாத்துறதுக்கு அலையுறாங்க. பாஸ்போர்ட், பான் கார்டு, போட்டோ, கையெழுத்து இதெல்லாம் ஸ்கேன் பண்ணி ரெடியா வச்சுக்கோங்க. அப்புறம் Repatriable-ஆ Non-repatriable-ஆன்னு கேக்கும், அதாவது பணத்தை பின்னாடி வெளிநாட்டுக்கு எடுத்துட்டுப் போற மாதிரியா இல்லையான்னு, நிறைய பேரு இங்கதான் முழிக்கிறாங்க. குவைத் சம்பளம் வந்து விழுற என்ஆர்இ கணக்குல இருந்து கட்டப் போறீங்கன்னா Repatriable போடுங்க, ஊர்ல வீட்டு வாடகை, நிலத்து வருமானம் வந்து சேர்ற என்ஆர்ஓ கணக்குல இருந்துன்னா Non-repatriable. உங்க கேஸ்ல சம்பளப் பணம்தான், அதனால என்ஆர்இ. ஒரு தடவை ஒன்னை தேர்ந்தெடுத்துட்டா அதே கணக்குல இருந்தே கட்டிட்டு வாங்க, இந்த மாசம் இது, அடுத்த மாசம் அதுன்னு மாத்தி மாத்தி போடாதீங்க. கடைசில இ-சைன் பண்ணணும், ஆதார்ல இருக்கிற நம்பருக்கு ஓடிபி வரும், அது முடிஞ்சா 12 இலக்கத்துல ஒரு நம்பர் குடுப்பாங்க, அதுதான் பிரான், உங்க பென்ஷன் கணக்கு நம்பர். அதை ஒரு நோட்டுல எழுதி வைங்க, மொபைல்ல மட்டும் வச்சுக்காதீங்க.

இப்ப நீங்க ரெண்டாவதா கேட்டதுக்கு வர்றேன், என்னைக் கேட்டா அதுதான் முக்கியமான கேள்வி. க்ளோஸ் ஆகாது. ஆனா முடங்கிடும், Frozen-னு ஸ்கிரீன்ல காட்டும். க்ளோஸ் ஆகுறதும் முடங்குறதும் வேற வேற. முடங்குனாலும் உள்ள இருக்கிற பணம் எங்கயும் போகாது, ஃபண்ட்ல அது பாட்டுக்கு முதலீடாவே இருக்கும், மார்க்கெட்ட பொறுத்து ஏறும் இறங்கும். ஆனா கணக்கு பராமரிக்கிற செலவு நிக்காது, அதை உங்ககிட்ட தனியா காசா கேக்க மாட்டாங்க, உங்க பணத்துக்கு ஃபண்ட்ல வாங்கி வச்சிருக்கிற யூனிட்லயே கொஞ்சம் கொஞ்சமா கழிச்சுக்குவாங்க. பெரிய தொகை இருந்தா அது தெரியவே தெரியாது, வெறும் ரெண்டாயிரம் மூவாயிரம் போட்டுட்டு மறந்தவங்களுக்குத்தான் வலிக்கும்.

ஏன் முடங்குதுன்னா ஒரே காரணம்தான், ஒரு நிதியாண்டுல, அதாவது ஏப்ரல்ல இருந்து மார்ச்சுக்குள்ள, குறைஞ்சது 1000 ரூபாய் போடணும், ஒரு தடவைக்கு குறைஞ்சது 500 ரூபாய். அவ்வளவுதான். மூணு தினார் நாலு தினார் சமாச்சாரம், அந்த காசு கையில இல்லாததால யாருக்கும் கணக்கு முடங்குறதில்ல. அந்த பணத்தை கட்டுறதுக்கு வழி அடைஞ்சு போறதாலதான் முடங்குது, அதை நான் வீட்டுலயே பாத்தேன்.

எங்க சித்தப்பா பையன் கத்தார்ல இருக்கான். 2020ல ஊர்ல இருக்கும்போதே என்பிஎஸ் ஆரம்பிச்சு மாசம் 2000 போட்டுட்டு இருந்தான், சாதாரண சேவிங்ஸ் கணக்குல இருந்து. 2021 ஆரம்பத்துல கத்தார் போயிட்டான். அங்க போனதும் பழைய கணக்குல பணம் போடுறத நிறுத்திட்டான், வீட்டுக்கு அம்மா கணக்குக்கே நேரா அனுப்பிட்டான், சரி. ஊர் சிம்ம ஃபோன்ல போட்டே வைக்கல, டிராயர்ல கிடந்துச்சு. நம்ம ஊர்ல ஒரு விதி இருக்கு, 90 நாள் எந்த யூசேஜும் இல்லன்னா அந்த நம்பரை எடுத்துடலாம், பேலன்ஸ்ல 20 ரூபாய் இருந்தா அதை கழிச்சுக்கிட்டு இன்னும் 30 நாள் வச்சிருப்பாங்க, அவ்வளவுதான். அவன் நம்பர் போச்சு. ஈமெயில் குடுத்திருக்கான், எது தெரியுமா, அப்ப வேலை பாத்த கம்பெனி ஈமெயில், அதுவும் போச்சு. 2021-22ல ஒரு ரூபாய் போடல, 2022-23லயும் போடல. 2023ல லீவுக்கு வந்தப்பதான் என்கிட்ட சொல்றான், "அண்ணா என் பென்ஷன் கணக்கு திறக்கவே மாட்டேங்குது, புதுசா இன்னொன்னு ஆரம்பிச்சிடலாமா"ன்னு. வேணாம்டான்னு சொன்னேன், ஒருத்தருக்கு ஒரு பிரான்தான், ரெண்டாவது போடக்கூடாது.

அப்புறம் உக்காந்து பாத்தா பிரச்சனை ஒன்னுல்ல, மூணு இருக்கு. கணக்கு முடங்கினது ஒன்னு. அவன் வெளிநாடு போனது பேங்குக்கே தெரியாது, சேவிங்ஸ் கணக்கு சேவிங்ஸாவே இருக்கு, ஆனா சட்டப்படி வெளிநாட்டுக்கு வேலைக்குப் போனா அதை என்ஆர்ஓவா மாத்தியிருக்கணும், அது ரெண்டு. மூணாவது, ஓடிபி வர்ற எந்த வழியும் அவன் கையில இல்ல. இதுல எதை முதல்ல சரி பண்றதுன்னு ஒரு வரிசை இருக்கு, அதை மாத்திப் பண்ணா சுத்திக்கிட்டே இருப்பீங்க. நாங்க மொதல்ல பேங்க்குக்குத்தான் போனோம், சேவிங்ஸ என்ஆர்ஓ ஆக்குறதுக்கும், புதுசா ஒரு என்ஆர்இ திறக்குறதுக்கும் பாஸ்போர்ட், விசா காப்பி, கத்தார் ஐடி எல்லாம் குடுத்து எழுதிக் குடுத்தான். அது கைக்கு வந்ததும்தான் என்பிஎஸ்ல புது மொபைல் நம்பர், புது ஈமெயில், என்ஆர்ஐங்கிற நிலை, புது பேங்க் விவரம் இதெல்லாம் மாத்தக் குடுத்தோம், பழைய ஓடிபி வழி எதுவும் இல்லாததால என்பிஎஸ் சேவை குடுக்குற கிளையில ஃபார்ம் எழுதிக் குடுத்துதான் ஆச்சு. அதுக்கப்புறம்தான் முடங்கின கணக்கை திறக்குறதுக்கான பணத்தை கட்டி அப்ளிகேஷன் குடுத்தான். பணம் கட்டுறது பெருசு இல்ல, லீவு 40 நாள்ல பாதி நாள் இதுக்கே போச்சு, புள்ளைங்களோட இருக்க வேண்டிய நாளு. அதான் உங்களுக்கு இவ்வளவு நீட்டி சொல்றேன் தம்பி.

கணக்கு எப்படி இருக்குன்னு நீங்களே பாக்க முடியும். லாகின் பண்ணா உங்க பிரான் ஆக்டிவா Frozen-ஆன்னு காட்டும். Statement of Transaction-னு ஒன்னு இருக்கும், டவுன்லோட் பண்ணுங்க, அதுல நீங்க போட்ட தேதி, யூனிட் ஏறுன தேதி, கட்டணத்துக்காக யூனிட் கழிச்ச என்ட்ரி எல்லாம் இருக்கும். நான் சித்தப்பா பையன் ஸ்டேட்மெண்ட்ட பாத்தப்ப ரெண்டு வருஷமா பணம் ஏறுன என்ட்ரியே இல்ல, வெறும் கழிச்ச என்ட்ரிதான் வரிசையா இருந்துச்சு. உங்க ஸ்டேட்மெண்ட் அப்படி வெறும் கழிவா இருந்தா அப்பவே உஷாராயிடுங்க.

இப்ப மாசாமாசம் பணம் போடுற வழி. இ-என்பிஎஸ்ல Contribution-னு இருக்கும், பிரான் நம்பரும் பிறந்த தேதியும் குடுத்தா ஓடிபி அனுப்பும், அந்த ஓடிபிய மொபைலுக்கு வேணுமா ஈமெயிலுக்கு வேணுமான்னு கேக்கும். ஈமெயில் போடுங்க! குவைத்ல இருக்கிறவங்களுக்கு இதுதான் பெரிய உதவி, ஊர் சிம் ரோமிங்ல வேலை செய்யுதோ இல்லியோ ஈமெயில் வந்துடும். அது உங்க சொந்த ஈமெயிலா இருக்கட்டும், ஊர்ல ப்ரவுசிங் சென்டர் வச்சிருக்கிற தம்பி தொறந்து குடுத்தது, பாஸ்வேர்டு அவனுக்குத்தான் தெரியும்னு இருந்தா இன்னைக்கே மாத்துங்க. அப்புறம் நெட் பேங்கிங்ல உங்க என்ஆர்இ கணக்குல இருந்து கட்டுங்க. அண்ணன் கணக்குல இருந்து கட்ட சொல்லிடுறேன், மச்சான் ஜிபேல போட்டுடுவான், இதெல்லாம் வேணாம், உங்க பேர்ல இருக்கிற கணக்குல இருந்துதான் போகணும். நெட் பேங்கிங் ஓடிபிக்கு குவைத் நம்பரை ஏத்துக்கிற பேங்க் நிறைய இருக்கு, கணக்கு திறக்கும்போதே அதை கேட்டு வாங்கிடுங்க. ஊர் சிம்மையும் விட்றாதீங்க, ஆதார் அதுலதான் இருக்கும், வேலிடிட்டி ரீசார்ஜ் போட்டு ஃபோன்ல ரெண்டாவது சிம்மா வச்சு மாசம் ஒரு மெசேஜாவது அனுப்புங்க.

மார்ச் 31 வரைக்கும் இழுக்காதீங்க, இது ரொம்ப முக்கியம். நீங்க கட்டுன அன்னைக்கே யூனிட் ஏறிடாது, பேங்க்ல இருந்து போய் சேர்ந்து ஏற சில வேலை நாள் ஆகும், இடையில ஞாயிறு, பேங்க் லீவுன்னு வந்தா ஏப்ரல்லதான் ஏறும். அப்படி ஆச்சுன்னா நான் மார்ச்லயே கட்டுனேனேன்னு நீங்க சொல்லலாம், கணக்குல அடுத்த வருஷத்துல வந்து நிக்கும். பிப்ரவரிக்குள்ள அந்த வருஷத்தோட 1000 போயிருக்கான்னு ஒரு தடவை பாத்துடுங்க.

ஆனா தம்பி, அந்த 1000 உங்க கணக்குக்கு மூச்சு இருக்கிறதுக்கு மட்டும்தான், அதை பென்ஷன்னு நெனச்சிடாதீங்க. உங்களுக்கு 34, 60 வர இன்னும் 26 வருஷம். வருஷம் 1000 போட்டா நீங்க போட்ட பணம் மொத்தமே 26,000 ரூபாய், மாசம் 3000 போட்டா வருஷத்துக்கு 36,000, 26 வருஷத்துல 9 லட்சத்து 36 ஆயிரம், இது போட்ட பணம் மட்டும், அதுக்கு மேல வளர்றது தனி. சம்பளம் லேட்டாகுற மாசம் 500 போடுங்க, ஓவர்டைம் வந்த மாசம் 5000 போடுங்க, ஒரே மாதிரி போடணும்னு கட்டாயம் இல்ல, அது இந்த திட்டத்துல எனக்கு பிடிச்ச விஷயம்.

ஆனா ஒன்னு, ஊர்ல வீடு கட்டுற பணம், தங்கச்சி கல்யாண பணம் இதையெல்லாம் இதுக்குள்ள போட்டுடாதீங்க. வயசான காலத்துக்குன்னு பூட்டி வைக்கிற பணம் இது, நடுவுல எடுக்கணும்னா மூணு வருஷம் ஆகியிருக்கணும், அதுவும் புள்ளைங்க படிப்பு, கல்யாணம், வீடு, பெரிய வியாதின்னு சொல்லியிருக்கிற காரணத்துக்குத்தான், அப்பவும் நீங்க போட்ட பணத்துல 25 சதவீதம் வரைக்கும்தான் தருவாங்க. ஆறு மாச செலவுக்கு என்ஆர்இலயே தனியா வச்சுட்டு மிச்சத்தை இதுல போடுங்க. வருமான வரில தள்ளுபடி இருக்குன்னு ஏஜெண்ட் சொல்லுவாங்க, இந்தியாவுல உங்களுக்கு வரி கட்டுற வருமானம் இருந்தாதான் அதுல பிரயோஜனம், குவைத் சம்பளம் மட்டும்னா அதை கணக்குல எடுக்காதீங்க.

குவைத்த முடிச்சுட்டு ஊருக்கே வந்துட்டீங்கன்னா அதே பிரான் அப்படியே தொடரும், என்ஆர்ஐங்கிறத மாத்தி சாதாரண குடியிருப்பாளர்னு ஆக்கி, பேங்க் கணக்கையும் மாத்திக் குடுத்தா போதும். நாமினிய மட்டும் இப்பவே சரியா போடுங்க, கல்யாணத்துக்கு முன்னாடி அம்மா பேரைப் போட்டுட்டு அப்படியே விட்டவங்க நெறைய பேரு. வர்ற வெள்ளிக்கிழமை லீவுதானே, மத்தியானம் சாப்பிட்டுட்டு உக்காந்து பாஸ்போர்ட் முதல் பக்கத்தையும் கடைசி பக்கத்தையும் ஸ்கேன் பண்ணி வைங்க, என்ஆர்இ கணக்கு இல்லன்னா அதுக்கு மொதல்ல அப்ளை பண்ணுங்க, அது வந்தப்புறம் பிரான். எங்கயாவது மாட்டுனா எந்த ஸ்கிரீன்ல நிக்குதுன்னு கமெண்ட்ல எழுதுங்க, பிரான் நம்பர், பாஸ்போர்ட் நம்பர் எதையும் அங்க போட்டுடாதீங்க.