கண்ணைக் கட்டிக்கொண்டு ஊஞ்சல் ஆட்டினால்

(நூலக அரங்கில் ஒரு மாலை பேசியதன் எழுத்து வடிவம்)

வணக்கம். சட்டைப் பையில் ஒரு பூட்டும் கொஞ்சம் நூலும் கொண்டுவந்திருக்கிறேன். அதைக் கடைசியில் எடுக்கிறேன். முதலில் பக்கத்துப் பூங்காவுக்குப் போவோம்.

ஊஞ்சலில் ஒரு குழந்தை, பின்னால் அதன் அம்மா. அம்மா ஒன்றும் பலசாலி இல்லை, பலமாகத் தள்ளவும் இல்லை. பேச்சு பக்கத்து வீட்டுக்காரரோடு, கை மட்டும் ஊஞ்சலில். ஆனாலும் பத்துப் பன்னிரண்டு தள்ளலில் குழந்தை கீச்சென்று கத்தும் அளவுக்கு ஊஞ்சல் எழும்பிவிடுகிறது. அதே பன்னிரண்டு தள்ளலை ஒரு பீரோவுக்குக் கொடுத்துப் பாருங்கள். அது அசையாது.

இதற்குப் பாடப்புத்தகத்தில் பதில் இருக்கிறது. திணிக்கும் விசையின் அதிர்வெண், பொருளின் இயல்பு அதிர்வெண்ணுக்குச் சமமானால் வீச்சு பெரிதாகும், அது ஒத்ததிர்வு. இலங்கைப் பாடநூல்களில் இதையே பரிவு என்பார்கள், அழகான சொல். இந்த வாக்கியத்தை நானும் பல வருஷம் கரும்பலகையில் எழுதிப்போட்டவன்தான். தப்பு ஒன்றும் இல்லை, முழு மதிப்பெண் கிடைக்கும். ஆனால் எப்போது பெரிதாகும் என்று சொல்கிறதே தவிர, ஏன் என்று சொல்வதில்லை. அந்த ஏன்தான் இன்றைக்கு.

ஒரு ஊஞ்சலை எடுத்துக்கொள்வோம். மேலே கொக்கியிலிருந்து குழந்தையின் உடல் நடு வரை 2.45 மீட்டர். இந்த நீளத்துக்கு ஒரு முழு அலைவு, அதாவது போய்த் திரும்பி வர, 3.14 வினாடி ஆகும். குழந்தையும் பலகையும் சேர்ந்து 20 கிலோ. குழந்தை குண்டாக இருந்தாலும் ஒல்லியாக இருந்தாலும் நேரம் ஏறக்குறைய அதேதான். நீளம்தான் கணக்கு.

அம்மா ஒவ்வொரு அலைவிலும் ஒரு தடவை, ஊஞ்சல் அடிப்புள்ளியைக் கடந்து முன்னால் போகும்போது தள்ளுகிறார் என்று வைத்துக்கொள்வோம். நிஜத்தில் இன்னும் பின்னாலிருந்தே தள்ளுவார்கள். கணக்கு சுலபமாக வரட்டும் என்று இப்படி. விசை 20 நியூட்டன், இரண்டு கிலோ அரிசிப் பையைத் தூக்கிப் பிடிக்கிற பலம். நேரம் ஒரு வினாடியில் ஐந்தில் ஒரு பங்கு. இந்தத் தள்ளலால் ஊஞ்சலின் வேகம் வினாடிக்கு 20 சென்டிமீட்டர் கூடும். நம் ஊஞ்சலில் அதற்கு அர்த்தம், வீச்சு, அதாவது ஊஞ்சல் நடுவிலிருந்து ஒரு பக்கம் போகும் தூரம், 10 சென்டிமீட்டர் கூடும் என்பது.

சரி. உராய்வு, காற்று எதுவும் இல்லை என்று கொஞ்ச நேரம் பொய் சொல்லிக்கொள்வோம். முதல் தள்ளலில் வீச்சு 10 சென்டிமீட்டர், இரண்டாவதில் 20, மூன்றாவதில் 30. பத்தாவதில் ஒரு மீட்டர். சாதாரணக் கூட்டல்தானே என்று தோன்றும். ஆற்றலைக் கணக்குப் போட்டால்தான் விஷயம் தெரியும்.

முதல் தள்ளலில் ஊஞ்சல் நின்றுகொண்டிருந்தது. அந்த ஐந்தில் ஒரு பங்கு வினாடியில் அது நகர்ந்தது வெறும் 2 சென்டிமீட்டர். வேலை என்பது விசையும் தூரமும் பெருக்கியது. ஆக உள்ளே போனது 0.4 ஜூல். பத்தாவது தள்ளலில் விசை அதே 20 நியூட்டன், நேரமும் அதேதான். ஆனால் ஊஞ்சல் இப்போது விரைந்து ஓடிக்கொண்டிருக்கிறது. கை அதன் முதுகில் ஒட்டியிருக்கும் அந்தச் சிறு நேரத்தில் அது 38 சென்டிமீட்டர் நகர்ந்துவிடுகிறது. உள்ளே போனது 7.6 ஜூல். பத்தொன்பது மடங்கு!

இதை நான் வெகு தாமதமாகத்தான் கவனித்தேன். அம்மா ஒவ்வொரு தடவையும் ஒரே அளவுதான் தள்ளுகிறார், ஊஞ்சல்தான் ஒவ்வொரு தடவையும் அதிகமாக வாங்கிக்கொள்கிறது. ஏற்கெனவே வேகமாகப் போகிற பொருளை, அது போகிற திசையிலேயே தள்ளினால், அதே விசைக்கு அதிக ஆற்றல் கைமாறுகிறது. ஒத்ததிர்வில் வீச்சு வளர்வதன் சூட்சுமம் இதுதான். விசையும் வேகமும் ஒரே திசையில், ஒவ்வொரு சுற்றிலும், தவறாமல்.

ஆற்றல் எங்கிருந்தோ சும்மா வரவில்லை. ஓடுகிற ஊஞ்சலோடு கையும் ஓடியாக வேண்டும். ஊஞ்சல் வினாடிக்கு 2 மீட்டர் போனால், கையும் அந்த வேகத்தில் பின்தொடர்ந்தால்தான் தள்ளல் தள்ளலாக இருக்கும். ஊஞ்சல் உயரம் போகப் போக அம்மா இரண்டு அடி முன்னால் எட்டு வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். எட்டு வைக்காதவருடைய தள்ளல் வெறும் தட்டலாகிவிடும்.

இப்போது அம்மாவின் கண்ணைக் கட்டிவிடுவோம். நிஜத்தில் எந்த அம்மாவும் கடிகாரம் பார்த்துத் தள்ளுவதில்லை. ஊஞ்சலைப் பார்த்துத் தள்ளுகிறார், அதனால் தாளம் தானாகவே பொருந்திவிடுகிறது. திணிப்பு அதிர்வு என்று இயற்பியல் சொல்வது அதை அல்ல. ஊஞ்சல் எங்கே இருக்கிறது என்று பார்க்காமல், தன் பாட்டுக்கு, தன் தாளத்தில் தள்ளும் ஒரு விசை.

கண்ணைக் கட்டிய அம்மா 3.14 வினாடிக்குப் பதிலாக 2.83 வினாடிக்கு ஒரு தடவை தள்ளுகிறார். பத்து சதவீதம்தான் அவசரம். முதல் தள்ளல் சரி. இரண்டாவது 0.31 வினாடி முந்திவிடுகிறது, பெரிய நஷ்டம் இல்லை. மூன்றாவது இன்னும் முந்துகிறது. இழப்பே இல்லாத ஊஞ்சலில் ஐந்தாவது தள்ளல் முடியும்போது வீச்சு 32 சென்டிமீட்டர். சரியான தாளமாக இருந்தால் 50 வந்திருக்கும். ஆறாவது தள்ளல் வரும் நேரத்தில் ஊஞ்சல் இன்னும் பின்னோக்கி, அம்மாவை நோக்கியே வந்துகொண்டிருக்கிறது. கை முன்னால் தள்ளுகிறது, ஊஞ்சல் பின்னால் வருகிறது. அந்தத் தள்ளல் பிரேக்காகிவிடுகிறது. அதற்குப் பிறகு ஒவ்வொரு தள்ளலும், முன்பு கொடுத்ததைத் திருப்பி வாங்குகிறது. பத்தாவது தள்ளலில் ஊஞ்சல் அசையாமல் நின்றுவிடும். பதினொன்றிலிருந்து மறுபடி முதலிலிருந்து.

ஒன்று விட்டு ஒரு அலைவுக்குத் தள்ளினாலும் ஊஞ்சல் உயரும், கொஞ்சம் மெதுவாக. ஏனென்றால் கை படும்போதெல்லாம் அது சரியான திசையில்தான் போகிறது. ஆனால் பின்னால் நிற்கிற ஒரே ஆள் ஓர் அலைவுக்கு இரண்டு தடவை சம இடைவெளியில் தள்ளினால் இரண்டாவது முதலாவதைத் தின்றுவிடும். முன்னால் ஓர் ஆள், பின்னால் ஓர் ஆள் நின்று மாறி மாறித் தள்ளினால் இரண்டும் சேரும். அக்காவும் தங்கையுமாகப் பலர் இதைச் செய்திருப்பீர்கள்.

சொன்ன பொய்யை இப்போது திருத்திக்கொள்வோம். உண்மையான ஊஞ்சலில் கொக்கி உரசும், காற்று தடுக்கும். நம் ஊஞ்சல் ஓர் அலைவுக்குத் தன் வீச்சில் பத்து சதவீதம் இழக்கிறது என்று வைப்போம். முதல் தள்ளல் 10 சென்டிமீட்டர். அது 9 ஆகக் குறைந்த பிறகு அடுத்த 10 சேர்ந்து 19. அப்புறம் 27, 34, 41. ஏறுகிறது, ஆனால் ஏற்றம் சிறுத்துக்கொண்டே போகிறது. எங்கே நிற்கும்? பத்து சதவீத இழப்பு சரியாக 10 சென்டிமீட்டர் ஆகும் இடத்தில். ஒரு மீட்டரில்.

ஆற்றலில் பார்த்தாலும் அதே இடம்தான். ஒரு மீட்டர் வீச்சில் நம் ஊஞ்சலின் ஆற்றல் 40 ஜூல். ஓர் அலைவில் அது இழப்பது 7.6 ஜூல். வீச்சை 90 சென்டிமீட்டரிலிருந்து ஒரு மீட்டருக்கு ஏற்றுகிற தள்ளல் கொடுப்பதும் 7.6 ஜூல். வரவும் செலவும் நேர். வரவு வீச்சின் கூடவே நேர்விகிதத்தில் ஏறுகிறது, செலவோ வீச்சின் வர்க்கத்தில் ஏறுகிறது. அதனால் எங்காவது ஓரிடத்தில் செலவு வரவைப் பிடித்துவிடும். குடும்பக் கணக்கு மாதிரிதான்.

இதே ஊஞ்சலில், இதே இழப்போடு, அந்த அவசரக்கார அம்மாவைத் தொடர்ந்து தள்ளவிட்டால் ஏறி இறங்கி ஏறி, கடைசியில் 17 சென்டிமீட்டரில் நிலைத்துவிடும். தாளம் சரியாக இருந்தால் ஒரு மீட்டர், பத்து சதவீதம் பிசகினால் 17 சென்டிமீட்டர்.

கேட்க வந்திருந்த ஒரு பையன் இந்த இடத்தில் கை தூக்கினான். "அப்போ கொக்கிக்கு நல்லா எண்ணெய் போட்டா ஊஞ்சல் மேலே போய்க்கிட்டே இருக்குமா சார்?" நல்ல கேள்வி. இழப்பைப் பாதியாக, ஐந்து சதவீதமாகக் குறைத்தால் நம் கணக்குப்படி 2 மீட்டர் போக வேண்டும். ஆனால் கண்ணைக் கட்டிய அம்மா 3.14 வினாடித் தாளத்தைச் சரியாகப் பிடித்தாலும் அங்கே கொண்டுபோக முடியாது. ஊஞ்சலின் அலைவு நேரம் மாறாது என்று படித்தோமே, அது சின்ன ஆட்டத்துக்கு மட்டும். 2 மீட்டர் வீச்சு என்றால் சங்கிலி 47 டிகிரி சாய வேண்டும். அப்போது அலைவு நேரம் 3.14 வினாடியிலிருந்து 3.28 ஆகிவிடும். அம்மாவின் தாளம் பழைய 3.14-இலேயே இருக்கிறது. ஊஞ்சல் வளர்ந்ததனாலேயே தாளத்திலிருந்து நழுவிவிடுகிறது. எண்ணெய் போட்ட ஊஞ்சலுக்கு இன்னொரு குணமும் உண்டு. இழப்பு குறையக் குறைய, தாளம் துல்லியமாக இருந்தாக வேண்டும். துருப்பிடித்த ஊஞ்சல் உயரம் போகாது, ஆனால் தாளப் பிழையைப் பொறுத்துக்கொள்ளும்.

இன்னொன்று. 1940 நவம்பரில் அமெரிக்காவில் டகோமா பாலம் காற்றில் முறுக்கி விழுந்ததை ஒத்ததிர்வுக்கு உதாரணமாகச் சொல்வது வழக்கம். நானும் சொல்லியிருக்கிறேன். அது சரியான உதாரணம் இல்லை. அங்கே காற்று ஒரு தாளத்தில் தள்ளவில்லை, சீராகத்தான் வீசியது. பாலத்தின் முறுக்கமே காற்றின் விசையைத் தனக்குச் சாதகமாகத் திருப்பிக்கொண்டது. கண்ணைக் கட்டாத அம்மாவுக்குத்தான் அது நெருக்கம்.

இப்போது பூட்டு. நூலை 25 சென்டிமீட்டருக்குப் பிடித்தால் அலைவு நேரம் ஒரு வினாடி. கையை மிக மெதுவாக இடமும் வலமும் அசைக்கிறேன், பூட்டு கையோடு கூடவே வருகிறது. வேகவேகமாக அசைக்கிறேன், பாருங்கள், கை வலப்பக்கம் போனால் பூட்டு இடப்பக்கம் போகிறது, அதுவும் துளிதான். நடுவில், வினாடிக்கு ஒரு தடவை. கை அசைவது ஒரு விரல் அகலம்தான், பூட்டு எப்படி வீசுகிறது பாருங்கள். வீச்சை விட்டுவிட்டு என் கையைக் கவனியுங்கள். கை வலக்கோடிக்கு வந்து நிற்கிற அந்த நொடியில் பூட்டு எங்கே இருக்கிறது? சரியாக நடுவில், வலப்பக்கமாக, தன் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. நூல் அதை வலப்பக்கம் இழுப்பதற்குக் கை அதிகபட்சம் உதவுவதும் அதே நொடியில்தான். கால் சுற்றுப் பின்தங்கி வருகிறது பூட்டு. வீட்டுக்குப் போய் ஒரு சாவிக்கொத்தைக் கட்டி நீங்களே பாருங்கள். முதலில் கண் வீச்சின் மேலேயே போகும், கையைப் பார்க்கக் கொஞ்சம் பழக வேண்டும்.